சின்னப்பையன் மகன் ஏழுமலை

செஞ்சி உரிமையியல் நீதிமன்றத்தில் நான் நடத்திய வழக்குகளில், சாட்சிகளைவிடப் பெருவிரல் ரேகை அதிகம் பேசிய வழக்கு ஒன்று உண்டு. இதில் வரும் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் எழுத்தர்கள் அந்தப் பெயர்களை எப்படியெல்லாம் கோணலாக எழுதிவைத்தார்களோ, அந்தக் கோணலின் வகையை மாற்றவில்லை. வழக்கே அதில்தான் நின்றது.

வாதி சீயமங்கலத்து அம்மா, அறுபதைத் தாண்டியவர். சீயமங்கலம் வந்தவாசி வட்டம். பழைய கணக்கில் வட ஆற்காடு ஜில்லா. வழக்குச் சொத்து இருந்ததோ செஞ்சி வட்டத்துக் கிராமம் ஒன்றில். அது பழைய தென் ஆற்காடு. பஸ்ஸில் போனால் சிறிது நேரத்து வழிதான். ஆனால் ஒரே குடும்பத்தின் பிறப்பு இறப்பு ஒரு ஜில்லாவிலும் நிலம் இன்னொரு ஜில்லாவிலுமாகப் பதிவானதால், அவர்கள் பெயர் இரண்டு ஊர்க் கர்ணங்களின் கையிலும் இரண்டு பதிவு அலுவலகங்களின் நகல் எழுத்தர்களின் கையிலும் அகப்பட்டுக்கொண்டது.

நிலம் 2 ஏக்கர் 10 சென்ட் புஞ்சை. கிழக்குப் பாதியில் அந்த அம்மாவின் குடும்பம்தான் தலைமுறையாக மணிலா போட்டு வந்தது. மேற்குப் பாதி பிரதிவாதியின் அனுபவத்தில். பட்டா மட்டும் மொத்தத்துக்கும் பிரதிவாதியின் அப்பா பெயரில் ஏறியிருந்தது. யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நடந்த காரியம் அது. 1979-ல் அந்தத் திட்டம் தொடங்கியது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1980-ல், கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்துவிட்டது. பரம்பரைப் பதவியில் நியாயம் இல்லைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'எந்த ஏழுமலை?' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆள், பெயர்களைப் புதிதாக எழுதும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பட்டாவால் உரிமை வந்துவிடாது என்பது எந்த வக்கீலுக்கும் தெரியும். பிரதிவாதி பட்டாவைக் காட்டிக் கிழக்குப் பாதியில் கல் நட வந்தபோது, உரிமை விளம்புகையும் நிரந்தர உறுத்துக்கட்டளையும் கேட்டு வழக்குப் போட்டோம். சுலபமான வழக்கு என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். எதிர்வழக்குரை வந்த பிறகுதான் விஷயத்தின் ஆழம் தெரிந்தது.

எங்கள் கட்சி இது. அம்மாவின் கொள்ளுத்தாத்தா ஏழுமலை, சின்னப்பையன் மகன், 1911-ல் அந்த நிலத்தைக் கிரயம் வாங்கினார். பத்திரத்தில் சாதாரண வருஷம் தை மாதம் என்று இருக்கும். கிஸ்து ரசீதில் பசலி 1320. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், ஆனால் பசலி ஜூலையில் தொடங்குவதால் தை மாதம் என்றால் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். ஏழுமலைக்கு இரண்டு மகன்கள். மூத்தவருக்குத் தாத்தா பெயர், சின்னப்பையன். இளையவர் கோவிந்தன். கோவிந்தனின் மகன் வயிற்றுப் பேத்திதான்... இல்லை, கோவிந்தனின் மகனுக்கு ஒரே மகள்தான் நம் வாதி. மூத்தவர் சின்னப்பையனுக்கு ஒரு மகன். அவருக்கும் தாத்தா பெயரையே வைத்தார்கள்: ஏழுமலை. இந்தப் பேரன் ஏழுமலை 1958-ல் நிலம் முழுவதையும் பிரதிவாதியின் அப்பாவுக்குக் கிரயம் எழுதிக்கொடுத்தார். அவருக்குப் பாதிதான் உண்டு, பாதிதான் செல்லும் என்பது எங்கள் வாதம்.

பிரதிவாதியின் வக்கீல் என்னைவிட மூத்தவர், கெட்டிக்காரர். அவர் எழுதியது ஒரே பத்திதான். 1911-ல் வாங்கியவர் சின்னப்பையன் மகன் ஏழுமலை, 1958-ல் விற்றவரும் சின்னப்பையன் மகன் ஏழுமலை, இருவரும் ஒருவரே, தான் வாங்கியதைத் தானே விற்றார், இடையில் பேரனும் இல்லை, கோவிந்தனும் இல்லை. இருபத்தைந்து வயதில் வாங்கியவர் எழுபத்திரண்டு வயதில் விற்பதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. இரண்டு பத்திரத்திலும் வயது எழுதவில்லை.

அவருக்குச் சாதகமாக இன்னொன்றும் இருந்தது. எங்கள் காகிதங்களில் ஒன்றோடு ஒன்று பொருந்துவதாக ஒரு பெயர்கூட இல்லை. 1911 கிரயத்தில் 'யேளுமலை'. சீயமங்கலம் கிராமத்து இறப்புப் பதிவில், 1939-ல், 'யேமலை', வயது 60, காய்ச்சல். தகப்பன் பெயர்க் கட்டம் காலி. கோவிந்தன் ஒரு பத்திரத்தில் 'கோயிந்தன்'. 1947 இறப்புப் பதிவில் 'கோவிந்தசாமி'. பிரதிவாதியின் 1958 பத்திரத்தில் மட்டும் இலக்கண சுத்தமாக 'ஏழுமலை'. நீதிபதி இரண்டு பக்கத்துக் காகிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எங்களுடையதுதான் ஜோடித்தது போலத் தெரியும்.

அந்த அம்மாவிடம் கேட்டேன். "உங்க தாத்தா பேரு கோவிந்தனா, கோவிந்தசாமியாம்மா?"

"கோயிந்தன்தான் சார். சாமின்னு யாரு கூப்டாங்க? செத்தப்புறம் எழுதனவங்க மரியாதைக்குச் சேத்திருப்பாங்க."

இந்தப் பக்கத்துப் பேச்சில் ழகரம் நிற்காது. யகரமாகவோ ளகரமாகவோ போய்விடும், வேகமாகச் சொன்னால் காணாமலே போகும். ஏகாரத்தில் தொடங்கும் பெயருக்கு முன்னால் பழைய எழுத்தர்கள் ஒரு யகரம் சேர்த்து எழுதுவார்கள். கோவிந்தன் கோயிந்தன் ஆவதும் வைத்தியலிங்கம் வயித்திலிங்கம் ஆவதும் இங்கே தினசரி நடப்பது. சொன்னவர் வாயில் வந்தது ஒன்று, கேட்ட கர்ணம் எழுதியது ஒன்று, பத்திரத்தைப் பதிவேட்டில் நகல் எடுத்த எழுத்தர் படித்தது வேறொன்று. பெயருக்கு உரியவரோ கைநாட்டு. எழுதியதைப் படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்ல அவரால் ஆகாது.

இதில் பிள்ளைகளுக்கு வரும் தொல்லை, தேடும்போதுதான் தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களுக்கு இரண்டு முக்கிய அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களின் அகரவரிசை. இரண்டாவது, கிராமமும் சொத்தும் வைத்துப் போட்டது. பெயரை வைத்துத் தேடினால் ஏகாரத்தில் இருப்பவர் ஒரு பக்கம், யகரத்தில் இருப்பவர் வேறொரு பக்கம். ஆங்கிலத்தில் எழுதிய அட்டவணையாக இருந்தாலும் அதே கதைதான். 'அப்படி ஒரு பத்திரமே இல்லை' என்று பதில் வரும். பத்திரம் இருக்கும், அது இருக்கும் எழுத்தை நாம் கேட்டிருக்க மாட்டோம். அதனால் நான் பெயரை விட்டுவிட்டு இரண்டாவது அட்டவணைக்குப் போனேன். கிராமத்தின் பெயரைச் சொல்லி, பழைய சர்வே எண்ணைச் சொல்லி, அந்த எண்ணையும் அதைச் சுற்றி நான்கு பக்கமும் இருக்கும் எண்களையும் தேடச் சொன்னேன். அது கணினியில் வராத காலம். கட்டணம் கட்டி, எழுத்தர் புத்தகத்தைப் புரட்டும்வரை பெஞ்சில் காத்திருக்க வேண்டும்.

சுற்றியுள்ள எண்களை ஏன் தேட வேண்டும் என்று என் ஜூனியர் கேட்டார். தன் நிலத்தைப் பற்றி ஒருவன் எழுதும்போது தனக்குச் சாதகமாக எழுதுவான். பக்கத்து நிலத்துக்காரனைப் பற்றி எழுதும்போது பொய் சொல்ல அவனுக்குக் காரணம் இல்லை. செக்குபந்தி எழுதும்போது 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போவான்.

கிடைத்தது. கிழக்குப் பக்கத்து நிலத்தை 1949-ல் யாரோ யாருக்கோ விற்றிருக்கிறார்கள். அதன் மேற்கு எல்லை: 'யேளுமலை மகன் கோயிந்தன் பாகம் நிலத்துக்குக் கிழக்கு'. அதாவது கோவிந்தன் இறந்து இரண்டு வருஷம் ஆன பிறகும் ஊர் அதைக் கோவிந்தன் பாகம் என்றே சொல்லியிருக்கிறது. இரண்டு பெயரும் எங்கள் பழைய கோணலோடேயே இருந்தன. எனக்கு அது போதும். நீதிமன்றத்துக்குப் போதாது. வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் ஆட்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரத்தின் எல்லைக் குறிப்பைச் சான்றாக ஏற்கலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும் என்று தெரியும், ஆட்சேபித்தார்கள். நான் அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதே தேடலில் வந்த இன்னொன்றுதான் வழக்கைத் திருப்பியது. 1934-ல் ஓர் அடமானப் பத்திரம். எழுதிக்கொடுத்தவர்கள் மூன்று பேர்: யேளுமலை, அவர் மகன்கள் சின்னப்பையன், கோயிந்தன். 1911 கிரயப் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் சொல்லி, அதன்படி பாத்தியப்பட்ட நிலத்தை அடமானம் வைப்பதாக எழுதியிருந்தது. மூவரும் கைநாட்டு.

கோவிந்தன் என்று ஒருவர் இருந்தார் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் இருந்தது. சரி, ஒரு கோயிந்தன் இருந்தார். நீங்கள் சொல்லும் கோவிந்தசாமி அவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? 1958-ல் விற்றவர் இந்த அடமானம் எழுதிய ஏழுமலை இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

வம்சாவளிப் பட்டியல் எழுதிக் காட்டுவது யாராலும் முடியும் என்பதால்தான் நீதிமன்றங்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. இதற்கு நாங்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு, பீகாரின் பேத்தியா ஜமீன் வழக்கு. மகாராஜா ஹரேந்திர கிஷோர் சிங் 1893-ல் வாரிசு இல்லாமல் இறந்தார். ராணி ஜானகி குவர் 1954-ல் இறந்த பிறகு, மூதாதை வழியில் நாங்கள்தான் வாரிசு என்று சிலர் வந்தார்கள். 1983-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் கொடுத்த வம்சாவளியை ஏற்க மறுத்தது. ஓர் ஆவணம் சான்றாக உள்ளே வரலாம், அதனால் அதற்கு எடை இருக்கிறது என்று ஆகிவிடாது என்று அதில் பிரித்துச் சொன்னார்கள். பட்டியல் எங்கிருந்து வந்தது, யார் சொல்லி எழுதியது, சொன்னவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். முப்பது வருஷம் கடந்த பத்திரத்துக்குச் சாட்சியச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு தரும் சலுகையும் இதே அளவுதான். உரிய இடத்திலிருந்து வந்தால், கையெழுத்தும் எழுத்தும் உண்மை என்று அனுமானிக்கலாம். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பது வேறு கேள்வி. 2024 ஜூலை முதல் அந்தப் பிரிவு பாரதிய சாட்சிய அதினியத்தில் 92-ஆக இருக்கிறது, சாரம் மாறவில்லை.

ஆனால் கைநாட்டு வேறு சங்கதி. வங்காளத்தில் ஹூக்ளி மாவட்ட அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல் 1877-ல் பத்திரப் பதிவில் விரல்ரேகை வாங்கத் தொடங்கினார். ஒருவர் பெயரில் இன்னொருவர் வந்து எழுதிக்கொடுப்பதைத் தடுக்கத்தான். நம் பதிவு அலுவலகங்களிலும் பத்திரத்தில் வைக்கும் ரேகை போதாதென்று, தனியாக ஒரு ரேகைப் பதிவேட்டிலும் இடது பெருவிரலை வைக்கச் சொல்வார்கள். பத்திரம் கட்சிக்காரர் வீட்டுக்குப் போய்க் கரையானுக்கு இரையாகும். பதிவேடு அலுவலகத்திலேயே கிடக்கும்.

எழுத்தர் எந்தப் பெயரை எழுதினாலும் விரல் அந்த ஆளுடையது. அந்தப் பதிவேட்டை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று மனு போட்டோம். பழைய பதிவேடு, வெளியே அனுப்பினால் உதிர்ந்துவிடும் என்றார்கள், அது உண்மைதான். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 10-ஏ-யின்படி ஆணையர் ஒருவரை நியமித்து, விரல்ரேகை நிபுணர் அலுவலகத்திலேயே போய்ப் படம் எடுக்க உத்தரவானது.

நானும் கூடப் போயிருந்தேன். நீளவாக்கில் கட்டிய தடிப் புத்தகம். ஓரங்கள் பழுப்பேறி அப்பளம் மாதிரி நொறுங்கின. வரிசை எண், ஆவண எண், பெயர், அதற்கு நேரே ரேகை. 1934 பத்திரத்திலேயே யேளுமலை வைத்த ரேகை மை தோய்ந்து கறுப்புப் பொட்டாக இருந்தது, ஒன்றுக்கும் உதவாது. பதிவேட்டில் அதே ஆள் வைத்தது, இரண்டாவது முறை வைத்ததால் மை குறைந்தோ என்னவோ, கோடு கோடாகத் தெளிவாக விழுந்திருந்தது. நிபுணர் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தவர், "இது போதும்" என்றார்.

இரண்டு ஒப்பீடுகள் கேட்டிருந்தோம். ஒன்று, 1934 யேளுமலையும் 1958 ஏழுமலையும். மற்றது, 1934 கோயிந்தனும், சீயமங்கலத்தில் ஒரு மனைக்கட்டை 1943-ல் விற்ற 'கோவிந்தசாமி'யும். அந்த மனைக்கட்டுப் பத்திரம் வட ஆற்காட்டுப் பக்கத்து அலுவலகத்தில் பதிவானது. அதில் கோவிந்தசாமியின் வீடு நம் வாதியின் இப்போதைய வீடு இருக்கும் அதே தெரு, அதே எல்லை. ஆக, 1943 ஆளுக்கும் வாதிக்கும் இடையே பிரச்சினை இல்லை. 1934 ஆளுக்கும் 1943 ஆளுக்கும் இடையில்தான் பாலம் வேண்டியிருந்தது.

அறிக்கை வந்தது. யேளுமலையும் ஏழுமலையும் வேறு வேறு ஆட்கள். கோயிந்தனும் கோவிந்தசாமியும் ஒரே ஆள்.

எழுத்து ஒன்றாக இருந்த இடத்தில் ஆள் இரண்டு, எழுத்து வேறாக இருந்த இடத்தில் ஆள் ஒன்று. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உள்ள ஊரில் இதுதான் நடக்கும். பிழையாக எழுதிய பெயர் நம்மை நின்று யோசிக்க வைக்கிறது. சரியாக எழுதிய பெயரை நாம் சோதிப்பதே இல்லை. சீயமங்கலத்துக் குடைவரைக் கோயிலில் கல்வெட்டு, அதை எடுப்பித்தவன் லளிதாங்குரன் என்கிறது. மண்டகப்பட்டில் விசித்திரசித்தன் என்று இருக்கிறது. இரண்டும் முதலாம் மகேந்திரவர்மன்தான் என்று கல்வெட்டறிஞர்கள் பட்டப்பெயர்களைச் சேர்த்துவைத்து நிறுவினார்கள். பல்லவ வமிசத்தில் இன்னொரு மகேந்திரவர்மனும் உண்டு என்பதால் அவர்களும் எங்களைப் போலவே இரண்டு பக்கமும் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்திருக்கும்.

நிபுணரைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகவே உலுக்கினார். வயதானால் ரேகை மாறாதா, ஏர் பிடித்தால் தேயாதா என்றெல்லாம் கேட்டார். தேயும், வெட்டு விழும், ஆனால் சுழி வளையமாகாது என்றார் நிபுணர். 1934 ரேகை சுழி வகை, 1958 ரேகை வளைய வகை. அதற்கு மேல் கேள்வி வரவில்லை.

உறவைப் பற்றி நேரில் அறிந்தவர் சாட்சியும் வைத்தோம். அந்த அம்மாவின் பங்காளி முறைப் பெரியவர் ஒருவர். அவர் கோவிந்தனைப் பார்த்ததில்லை. ஆனால் மூத்தவர் சின்னப்பையன் இறந்தபோது கோவிந்தனின் மகன்தான் பங்காளியாக நின்று சடங்கு செய்தார் என்பதைப் பார்த்திருக்கிறார். சாட்சியச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு கேட்டதும் அதைத்தான். 'அவர்கள் உறவு என்று கேள்விப்பட்டேன்' என்றால் எடுபடாது. உறவாக நடந்துகொண்டதைக் கண்டேன் என்று சொல்ல வேண்டும்.

கடைசியாக, யாரும் பெரிதாகப் பேசாத ஒன்றை வாதத்தில் எடுத்துவைத்தேன். 1911 மூலப் பத்திரம் எங்கள் கட்சிக்காரரின் தகரப் பெட்டியில் இருந்து வந்தது. நிலம் முழுவதையும் வாங்கிய ஒருவர் மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்காமல் போவாரா? விற்றவர் கையில் அது இருந்திருந்தால் 1958-லேயே கைமாறியிருக்கும். தீர்ப்பில் நீதிபதி இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார். கிழக்குப் பாதி வாதிக்கு என்று விளம்புகை கிடைத்தது, உறுத்துக்கட்டளையும் கிடைத்தது. மேல்முறையீட்டிலும் நின்றது.

தீர்ப்பு வந்த சூட்டில் அந்த அம்மா இன்னொரு காகிதத்தோடு வந்தார். சீயமங்கலம் பக்கத்திலேயே ஒரு நஞ்சைத் துண்டு, மறுநிலவரித் திட்டப் பதிவேட்டு நகல். பட்டாதாரர் ஏழுமலை. அதுவும் எங்க கொள்ளுத்தாத்தாவுடையதுதான், அதற்கும் கேஸ் போட வேண்டும் என்றார்.

தகப்பன் பெயர் இல்லை. பத்திரம் இல்லை, அதனால் ரேகை இல்லை. சுற்றியுள்ள எண்களைத் தேடியதில் எல்லையாக ஏழுமலை வந்த இடத்திலும் யார் மகன் என்று இல்லை. அந்தக் கிராமத்தில் ஏழுமலைகளுக்குப் பஞ்சமா?

"இது ஒங்க தாத்தாதான்னு எதை வச்சும்மா சொல்றீங்க?"

"பேரு எவ்ளோ சுத்தமா எழுதியிருக்கு பாருங்க சார்."

போட மாட்டேன் என்றேன். வேறு வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போனாரா என்று தெரியாது. ஆனால் அடுத்த பொங்கலுக்கு மணிலாப் பயிறு ஒரு மரக்கால் கொண்டுவந்து கொடுத்தபோது அந்த நகலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.